க்ளைம் நிலவர அட்டவணை, திருச்செங்கோடு அலுவலகம்: 16.06.2025, திங்கள்

கோமதி, பிரபு இருவருக்கும். இந்த வாரம் கையில் இருப்பது எட்டு க்ளைம். நாள்கள் எல்லாம் இன்று காலை வரைக்கும் போட்டவை. கஸ்டமர் போன் செய்தால் "போய்க்கிட்டு இருக்குங்க" என்று சொல்லாமல், இதைத் திறந்து வைத்துக்கொண்டு எந்தக் காகிதத்துக்காக நிற்கிறது என்று சொல்லுங்கள்.

| எண் | க்ளைம் | தகவல் | ஆவணம் | கம்பெனி ஆய்வு | கேள்வி / மறுப்பு | மொத்தம் | இப்போது யார் கையில் |
|---|---|---|---|---|---|---|---|
| க-05 | ஹெல்த், மறுக்கப்பட்டது | 2 | 21 | 40 | 42 | 105 | கம்பெனி குறைதீர்ப்பு அதிகாரி |
| க-08 | பைக் திருட்டு | 1 | 112 | 26 | – | 139 | போலீஸ், கஸ்டமர் |
| க-11 | இறப்பு, லாரி டிரைவர் | 3 | 30 | 35 | – | 68 | கம்பெனி விசாரணை |
| க-14 | முதிர்வு, செல்வராணி அம்மா | 9 | 33 | – | – | 42 | கஸ்டமர், நாம் |
| க-17 | ஹெல்த், குடலிறக்க ஆபரேஷன் | 1 | 17 | 11 | 6 | 35 | ஆஸ்பத்திரி |
| க-19 | மினி லாரி விபத்து | 1 | 18 | 4 | 3 | 26 | நாம் |
| க-21 | விசைத்தறிக் கூடம் தீ | 1 | 16 | – | – | 17 | கஸ்டமர் |
| க-23 | கேஷ்லெஸ், பிரசவம் | | | | | | முடிந்தது |

வண்டி, தீ இரண்டிலும் சர்வேயர் வந்து பார்த்தாலும், அவர் கேட்ட காகிதம் நம் பக்கம் பாக்கி இருந்தால் அந்த நாளை "ஆவணம்" கட்டத்தில்தான் எழுத வேண்டும். போன மாதத் தாளில் அதைக் கம்பெனி கணக்கில் போட்டிருந்தது, திருத்திவிட்டேன்.

க-23 நீங்கலாகக் கூட்டிப் பாருங்கள். ஏழு க்ளைமும் சேர்ந்து 432 நாள். அதில் கம்பெனி மேஜையில் கிடந்தது 116, காகிதம் சேர்க்கப் போனது 247. கம்பெனியைத் திட்டுவதற்கு முன்னால் இந்த இரண்டு எண்ணையும் பார்க்க வேண்டும். நாம் தாக்கல் செய்த தேதியைக் கம்பெனிக்காரர்கள் கணக்கில் எடுப்பதில்லை, கடைசிக் காகிதம் வந்த தேதியிலிருந்துதான் எண்ணுகிறார்கள். அதனால் எதைக் கொடுத்தாலும் முத்திரையும் தேதியும் போட்ட ஒப்புகை வாங்காமல் திரும்பக் கூடாது. மெயிலில் அனுப்பினால் பதில் மெயிலை பிரிண்ட் எடுத்து பைலில் வையுங்கள்.

நாள் கணக்கை இனிக் கையால் போட வேண்டாம். G-இல் கட்டம் தொடங்கிய தேதி, H-இல் முடிந்த தேதி. முடியாவிட்டால் H காலியாக இருக்கட்டும்:

```
=IF(H5="",TODAY()-G5,H5-G5)
```

க-05. பாலிசி ஆறு வருடம் விடாமல் கட்டியது. ரத்தக்கொதிப்பை மறைத்ததாகச் சொல்லி மே 5-இல் மறுப்புக் கடிதம் வந்தது. கஸ்டமர் யோசித்து முடிக்கவே பதினைந்து நாள் போயிற்று. மே 20-இல் குறைதீர்ப்பு அதிகாரிக்குக் கடிதம் போனது. நம் வாதம் ஒன்றே ஒன்று: தொடர்ந்து அறுபது மாதம் பிரீமியம் கட்டிய ஹெல்த் பாலிசியில், மோசடி என்று நிரூபித்தால் தவிர, சொல்லாமல் விட்டதைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. முன்பு எட்டு வருடமாக இருந்ததை ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-இல் ஐந்தாகக் குறைத்தது. கடிதத்தில் இதை முதல் பத்தியிலேயே வைத்திருக்கிறோம். நோய், மருந்து பற்றி ஒரு வரிகூட இல்லை, வேண்டியதும் இல்லை.

பாக்கி: ஆறு வருட பிரீமியம் ரசீதில் 2021 ரசீது மட்டும் இல்லை. பாங்க் ஸ்டேட்மென்ட் போதும். ஜூன் 19-இல் முப்பது நாள் முடிகிறது. பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டால், சென்னை இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, ஐம்பது லட்சம் வரை அவர் விசாரிக்கலாம். ஆனால் மனுவில் கையெழுத்து கஸ்டமருடையதாக இருக்க வேண்டும். ஏஜென்ட் மனுதாரராக நிற்க முடியாது, வக்கீலும் வர முடியாது. அவரை 20-ஆம் தேதி காலை ஆபீசுக்கு வரச் சொல்லு, கோமதி.

க-08. இந்தப் பட்டியலிலேயே வயசானது இதுதான். எஃப்.ஐ.ஆர். ஜனவரி 29-இலேயே ஆயிற்று, கம்பெனி விசாரணை ஆளும் பிப்ரவரியில் வந்து போனார். பாக்கி மூன்று:

- வண்டி கிடைக்கவில்லை என்ற போலீஸ் சான்று (என்.டி.சி.)
- இரண்டாவது சாவி
- பைனான்ஸ் கம்பெனியின் கடன் பாக்கிக் கடிதம்

இதில் சாவிதான் தலைவலி. திருப்பூர் மச்சானிடம் இருக்கிறது என்கிறார்; மச்சானைக் கேட்டால் கொடுத்துவிட்டேன் என்கிறார். தொலைந்தது என்றால் தொலைந்தது என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஆனால் எப்போது தொலைந்தது, ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கம்பெனி கேட்கும், அதற்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். டூப்ளிகேட் சாவி செய்து கொடுக்கலாமா என்று என்னிடமே கேட்டார். புதுச் சாவியின் வெட்டு விசாரணைக்காரர் கண்ணில் ஒரு நொடியில் படும், அதோடு க்ளைம் முடிந்தது. அந்தப் பேச்சை யாரும் எடுக்க வேண்டாம். பிரபு, ஸ்டேஷன் ரைட்டரைப் புதன்கிழமை பார்.

க-11. டிரைவர் வீட்டிலேயே மாரடைப்பில் இறந்தார், ஏப்ரல் 2. பாலிசி 2019-இல் எடுத்தது. ஆறு வருடம் ஆயிற்றே, ஏன் விசாரணை என்று வீட்டில் கேட்கிறார்கள். நடுவில் காலாவதியாகி 2023 ஆகஸ்டில் புதுப்பித்தார். இன்சூரன்ஸ் சட்டம் 45-ஆவது பிரிவின் மூன்று வருடம், புதுப்பித்திருந்தால் அந்தத் தேதியிலிருந்தே எண்ணப்படும். அதனால் 2026 ஆகஸ்ட் வரை கம்பெனிக்குக் கேட்கும் உரிமை உண்டு. எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் அவர்கள் தப்பாக எதுவும் செய்யவில்லை.

விசாரணை இல்லாத இறப்புக் க்ளைமுக்கு 15 நாள், விசாரணை இருந்தால் 45. நம் கணக்கில் மே 12 தாக்கலிலிருந்து 45 நாள் ஜூன் 26-இல் முடிகிறது. 27-ஆம் தேதி காலை மெயில் போக வேண்டும். தாமதத்துக்கு பாங்க் ரேட்டுக்கு மேல் 2% வட்டி என்ற வரி அதில் இருக்கட்டும்.

பாக்கி: கடைசியாகப் பார்த்த டாக்டரின் சான்று (ஆஸ்பத்திரியில் இறக்காததால் இதைத்தான் கேட்கிறார்கள்), ரிக் முதலாளி தரும் வேலைச் சான்று. நாம் கம்பெனியிடம் கேட்டு வாங்க வேண்டியது, புதுப்பிக்கும்போது அவர் கொடுத்த உடல்நல அறிவிப்பின் நகல். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் நாம் பேசுவது வீண்.

இன்னொன்று. நாமினி அம்மா. பாலிசி எடுத்தபோது டிரைவருக்குக் கல்யாணம் ஆகவில்லை, பிறகு யாரும் மாற்றவில்லை. மனைவி இரண்டு தடவை வந்து அழுதுவிட்டுப் போனார். கோர்ட் தடை இல்லாதவரை கம்பெனி நாமினிக்குத்தான் கொடுக்கும். நாம் யார் பக்கமும் பேசுவதில்லை. வாரிசுச் சான்றிதழ் வாங்கி வா என்று மனைவியைத் தாலுகா ஆபீசுக்கு அலைய விட வேண்டாம், இந்தக் க்ளைமுக்குக் கம்பெனி அதைக் கேட்கவே இல்லை.

க-14. பணம் வர வேண்டிய நாள் மே 28. பெயரால் நிற்கிறது. பாண்டில் "மு. செல்வராணி", அப்பா இனிஷியல். ஆதாரில் "செல்வராணி ரா", கணவர் இனிஷியல். பாங்க் பாஸ்புக்கில் இனிஷியலை விரித்து "செல்வராணி ராமசாமி". மூன்றும் ஒரே அம்மாதான், ஊருக்கே தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பாங்க்கில் பெயரை மாற்றப் போனால் கே.ஒய்.சி., பான் என்று இன்னும் ஒரு மாதம் இழுக்கும். மூன்று பெயரையும் எழுதி, மூவரும் ஒருவரே என்று நோட்டரி அபிடவிட் கொடுத்தால் போதும் என்று கிளை அதிகாரி வாய்மொழியாகச் சொன்னார். பிரபு அதை மெயிலில் வாங்கிவிட்டுத்தான் ஸ்டாம்ப் பேப்பர் வாங்க வேண்டும். டிஸ்சார்ஜ் படிவம், கேன்சல் செக் இரண்டும் பைலில் இருக்கின்றன. பாண்ட் ஒரிஜினல் இன்னும் அம்மா வீட்டு பீரோவில்தான்.

இனிமேல் புது பாலிசி எழுதும்போது பெண்களுக்கு ஆதாரில் உள்ளபடி அப்படியே பெயர்.

க-17. ஈரோடு ஆஸ்பத்திரி, பில் 1,18,400. கேள்வி இரண்டு: உள்நோயாளி கேஸ் ஷீட் நகல், மெஷ் ஸ்டிக்கர். ஆபரேஷனில் வைத்த வலையின் பெட்டியில் ஒட்டியிருக்கும் சின்ன லேபிள் அது, பேட்ச் எண்ணோடு. அது இல்லாமல் 16,000 ரூபாய் மெஷ் பில் நிற்காது. ஆபரேஷன் தியேட்டர் ரெக்கார்டில் ஒன்று ஒட்டியிருப்பார்கள், மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் கேட்டால் நகல் கிடைக்கும்.

பணம் முழுதாக வராது என்று இப்போதே சொல்லிவிடுங்கள். காப்பீடு 3 லட்சம், அறை வாடகை வரம்பு 1%, அதாவது நாளுக்கு 3,000. அவர் இருந்தது 4,500 அறையில், 4 நாள். வாடகையில் 6,000 போகும். டாக்டர், தியேட்டர், நர்சிங் 54,000-இலும் மூன்றில் ஒரு பங்கு, 18,000 போகும். மருந்து 21,400, மெஷ் 16,000, டெஸ்ட் 9,000 இவற்றில் இந்தக் கழிவு போடக் கூடாது. போட்டிருந்தால் உடனே என்னிடம் காட்டுங்கள். கையுறை, பஞ்சு போன்ற சில்லறைக் கழிவு நீங்கலாக 94,400 வர வேண்டும்.

க-19. சர்வே, பில், எஃப்.சி., பெர்மிட் எல்லாம் கொடுத்தாயிற்று. டிரைவர் லைசென்சில் சரக்கு வண்டிக்கான பேட்ஜ் இல்லை என்று 13-ஆம் தேதி கேள்வி. வண்டியின் மொத்த எடை 7,500 கிலோவுக்குள். எல்.எம்.வி. லைசென்ஸ் போதும் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. ஆர்.சி. புத்தகத்தில் எடை இருக்கும் பக்கத்தை வட்டமிட்டு, பதில் கடிதம் இன்றே போக வேண்டும். இது முழுக்க நம் கையில் நிற்கிற மூன்று நாள்.

க-21. இந்த வாரம் எனக்குக் கவலை இதில்தான். சர்வேயரை ஒரு நாளைக்குள் போட்டார்கள், அறிக்கைக்கு 15 நாள், அது நேற்றோடு முடிந்தது. ஆனால் அவரைக் கேட்க நமக்கு வாயில்லை. தீயணைப்பு நிலையச் சான்று மட்டும்தான் கொடுத்திருக்கிறோம். பாக்கி: நூல், துணி இருப்புக் கணக்கு, மூன்று மாத ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், மின்வாரிய அறிக்கை, தறி வாங்கிய பில்.

தறி, இருப்பு எல்லாம் சேர்ந்து 40 லட்சம் மதிப்பு, பாலிசி 25 லட்சத்துக்குத்தான். சின்னத் தொழில்களுக்கான இந்த பாலிசியில் 15% வரை குறைவாக எடுத்திருந்தால் கண்டுகொள்ள மாட்டார்கள். இங்கே குறைவு 37.5%. அதனால் 6 லட்சம் நஷ்டத்துக்கு 3,75,000, அதிலும் எக்சஸ் கழியும். அவர் ஆறு லட்சத்தை நம்பிப் புதுத் தறிக்கு அட்வான்ஸ் கொடுத்ததாகக் கேள்வி. இதைப் போனில் சொல்ல வேண்டாம், நானே நேரில் போய்ச் சொல்கிறேன். போகும்போது இருப்புக் கணக்கை வாங்கி வருகிறேன். எரிந்த துணியைச் சர்வேயர் சொல்லாமல் வெளியே போட வேண்டாம் என்று பிரபு இன்றைக்கே ஒரு போன் போட்டுவிடு.

க-23. மணிக்கணக்கில் முடிந்தது. முன் அனுமதி ஒரு மணி நேரத்துக்குள், டிஸ்சார்ஜ் அனுமதி மூன்று மணி நேரத்துக்குள் என்ற விதிப்படியே வந்தது. மூடிய பைலில் சேர்த்துவிடு, கோமதி. குழந்தையைப் பாலிசியில் சேர்க்கும் படிவத்தை மட்டும் வெளியே எடுத்து வை, அதற்குக் கெடு இருக்கிறது.