காலையில் அனுப்பிய வாழ்த்தை அழித்துவிட்டேன், இதைப் படி

டேய், காலையில் உனக்கு ஒரு வாழ்த்து அனுப்பினேன், பார்ப்பதற்குள் அழித்துவிட்டேன். "செய்தி நீக்கப்பட்டது" என்று மட்டும் உனக்குத் தெரிந்திருக்கும். ஏதோ ரகசியம் என்று நினைக்காதே. அதில் இருந்தது இவ்வளவுதான்:

"இனிய பிறந்தநாள் நல்வாழ்த்துகள் நண்பா! எல்லா வளமும் நலமும் பெற்றுப் பல்லாண்டு வாழ்க. நட்புக்கு இலக்கணமான உன் வாழ்வில் என்றும் வசந்தம் வீசட்டும்."

அனுப்பிய பிறகு திரும்பப் படித்தேன். போன மாதம் வீட்டுக்காரருக்கு அனுப்பியதும் ஏறக்குறைய இதேதான். அவருக்கு நண்பா என்பதற்குப் பதில் சார். உனக்கும் எனக்கும் நடுவில் இத்தனை வருஷம் கிடக்கும்போது வசந்தத்தைக் கூப்பிட்டு வீசச் சொல்வானேன் என்று தோன்றியது. அதனால் திரும்ப எழுதுகிறேன். இது கொஞ்சம் நீளம்.

அந்தத் தேர்வில் நான் மூன்றாவது முறையாகத் தோற்ற நாள் உனக்கு நினைவிருக்கிறதா? சாயங்காலம் நாலு மணிக்கு முடிவு வந்தது. அதற்குப் பிறகு வந்த அழைப்புகளில் எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள்: மனசை விடாதே, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம். ஏழு மணிக்கு மேல் போனை அணைத்துவிட்டேன். நீ எட்டு மணிக்கு வந்தாய். கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. உள்ளே வந்து உட்கார்ந்து, டேபிள் ஃபேனைப் பார்த்து, "இது ஏன்டா இப்படிக் கத்துது?" என்றாய்.

அது கத்த ஆரம்பித்து ஆறு மாதம் இருக்கும். டக், டக், டக் என்று ஒரே தாளம். எனக்குப் பழகிவிட்டிருந்தது. நீ அதை மேஜையிலிருந்து இறக்கித் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, என் கையை நீட்டச் சொன்னாய். கழற்றிய ஒவ்வொரு திருகையும் என் உள்ளங்கையில் வைத்தாய். நான் செய்த ஒரே வேலை, கையை மூடாமல் உட்கார்ந்திருந்தது.

இறக்கையைப் பிடிக்கும் அந்தப் பிளாஸ்டிக் மூடியை மட்டும் என்னிடம் விட்டாய். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இடப்பக்கமாகத் திருப்பினேன், அசையவே இல்லை. "மத்ததெல்லாம் அந்தப் பக்கம்தான். இது மட்டும் தலைகீழ், வலது பக்கம் திருப்பு. இல்லாட்டி ஃபேன் சுத்தச் சுத்த இதுவும் கழண்டுக்கிட்டே வரும்" என்றாய். திருப்பினேன், உடனே கழன்றது. அன்றைக்கு எனக்கு ஒழுங்காகக் கைகூடியது அது ஒன்றுதான்!

அப்புறம் நீ கீழ்வீட்டுக்குப் போய்த் தையல் மெஷின் எண்ணெய் வாங்கி வந்தாய். தண்டு நுழையும் இடத்தில் முன்னால் இரண்டு சொட்டு, பின்னால் இரண்டு சொட்டு. ஆறு மாத ரோதனைக்கு நாலு சொட்டு! ஆனால் தூசியைத் துடைத்து முடிக்கவே பதினொரு மணி ஆகிவிட்டது. எல்லாவற்றையும் பூட்டிய பிறகு பார்த்தால் என் கையில் ஒரு திருகு மிச்சம். நீ கொஞ்சமும் அசராமல், "அது உனக்குத்தான், வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு சுவிட்சைப் போட்டாய்.

சத்தமே இல்லை. அறையில் அவ்வளவு அமைதி வந்ததும்தான் எனக்கு அழுகை வந்தது. நாலு மணியிலிருந்து வராத அழுகை. நீ திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்க்ரூடிரைவரைத் துடைத்தாய், மறுபடியும் துடைத்தாய். அதில் துடைக்க ஒன்றுமே இல்லை என்று எனக்கும் தெரியும். நான் மூக்கை உறிஞ்சி முடித்த பிறகுதான் செய்தித்தாளை மடித்து எடுத்தாய். தேர்வைப் பற்றிக் கடைசி வரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதற்கு உனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எத்தனையோ தடவை நினைத்து, ஒவ்வொரு தடவையும் கூச்சமாக இருந்து விட்டுவிட்டேன். பிறந்தநாள் என்றால் கொஞ்சம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

அந்தத் திருகு என் பேனா டப்பாவில் இருக்கிறது. மூன்று வீடு மாறியும் தொலையவில்லை. போன வாரம் மகள் அதை எடுத்து, "இது எதோடதுப்பா?" என்று கேட்டாள். உன் பெயரைச் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை.

முப்பத்தாறு வயது ஆகிவிட்டது உனக்கு. நன்றாக இரு. முதுகு வலிக்கு டாக்டரைப் பார்க்கிறேன் என்று நாலு மாதமாகச் சொல்கிறாய், இந்த வாரமாவது போ.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். ஃபேன் மறுபடியும் கத்துகிறது, இந்தத் தடவை வேறு தாளம். அதையும் தூக்கிக்கொண்டு வருகிறேன். திருகும் கூடவே வரும்.