வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுப்பது எப்படி?
ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் தாய்மார்களுக்கான துண்டறிக்கை

அன்பான தாய்மார்களே,

மழைக்காலம் தொடங்கிவிட்டதால் நம் பகுதியில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு பரவ வாய்ப்புள்ளது. இந்தத் துண்டறிக்கையுடன் இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகளும் 14 ஜிங்க் மாத்திரைகளும் உங்களிடம் கொடுக்கப்பட்டுள்ளன. இவற்றைக் குழந்தையின் கைக்கு எட்டாத, ஈரம் படாத இடத்தில் பத்திரமாக வையுங்கள். தீர்ந்துவிட்டால் அங்கன்வாடி மையத்திலோ, துணை சுகாதார நிலையத்திலோ, கிராம சுகாதார செவிலியரிடமோ கட்டணமின்றிப் பெற்றுக்கொள்ளலாம்.

ஒரு நாளில் மூன்று முறை அல்லது அதற்கு மேல் தண்ணீராக மலம் போனால் அது வயிற்றுப்போக்கு. தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் கைக்குழந்தை அடிக்கடி இளகலாகப் போவது இயல்பு. வழக்கத்தைவிட அதிகமாகவும் நீர்த்தும் போனால்தான் கவலைப்பட வேண்டும். பல் முளைப்பதால் பேதியாகிறது என்று எண்ணி இரண்டு மூன்று நாள் விட்டுவிடாதீர்கள். வயிற்றுப்போக்கில் உயிருக்கு ஆபத்தை உண்டாக்குவது பெரும்பாலும் உடலிலிருந்து வெளியேறும் நீரும் உப்பும்தான். ஆகவே முதல் முறை தண்ணீராகப் போனவுடனேயே கரைசலைக் கொடுக்கத் தொடங்குங்கள்.

கரைசல் தயாரிக்கும் முறை

1. முதலில் உங்கள் கைகளைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். பாத்திரமும் கரண்டியும் சுத்தமாக இருக்க வேண்டும்.

2. பாக்கெட்டின் மேல் எவ்வளவு தண்ணீருக்கு என்று அச்சிடப்பட்டிருப்பதைப் பாருங்கள். இப்போது உங்களிடம் தரப்பட்டிருப்பது ஒரு லிட்டருக்கான பெரிய பாக்கெட். கடைகளில் 200 மில்லி தண்ணீருக்கான சிறிய பாக்கெட்டும் கிடைக்கிறது.

3. கொதிக்க வைத்து ஆறிய குடிநீரை ஒரு லிட்டர் அளந்து பாத்திரத்தில் ஊற்றுங்கள். வீட்டிலுள்ள சொம்பை வைத்துக் குத்துமதிப்பாக அளக்காமல், கடையில் விற்கும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கழுவி அதில் அளப்பது நல்லது.

4. பாக்கெட்டிலுள்ள தூள் முழுவதையும் ஒரே நேரத்தில் கொட்டி, தெளியும்வரை கலக்குங்கள். பாதித் தூளை இன்றும் மீதியை நாளையும் பயன்படுத்தினால் அளவு தவறிவிடும்.

5. கரைசலை மூடி வையுங்கள். கலந்த பிறகு அதைக் கொதிக்க வைக்கக் கூடாது. 24 மணி நேரம் கடந்தால் மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

கரைசலுடன் சர்க்கரை, உப்பு, பால், பழச்சாறு எதையும் சேர்க்காதீர்கள். பாக்கெட்டிலுள்ள குளுக்கோஸ் குடல் சுவர் வழியாக உப்பை உள்ளே இழுத்துச் செல்ல, அதன் பின்னாலேயே தண்ணீரும் உடலுக்குள் போகிறது. வயிற்றுப்போக்கு நிற்காத நிலையிலும் இந்த வழி வேலை செய்கிறது. இனிப்பு கூடினால் குடல் மேலும் நீரை வெளியே தள்ளும், உப்பு கூடினாலோ தண்ணீர் குறைந்தாலோ குழந்தைக்கு வேறு ஆபத்து நேரும்.

பாக்கெட் கைவசம் இல்லாத இரவு நேரத்தில், ஒரு லிட்டர் ஆறிய குடிநீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம். பாக்கெட் கிடைத்தவுடன் அதற்கு மாறிவிடுங்கள். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சித் தண்ணீர், உப்பிட்ட நீர்மோர், பருப்புத் தண்ணீர் ஆகியவை ஆறு மாதம் நிறைந்த குழந்தைகளுக்கு உதவும். குளிர்பானம், இனிப்பூட்டிய பழச்சாறு, காப்பி, தேநீர், வெறும் குளுக்கோஸ் தூள் ஆகியவை இந்தக் கரைசலுக்கு ஈடாகாதவை. மருந்துக்கடையில் வாங்க நேர்ந்தால் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரித்தது என்று குறிப்பிட்டிருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள்.

எவ்வளவு, எப்படிக் கொடுப்பது?

200 மில்லி பிடிக்கும் டம்ளரைக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு, ஒவ்வொரு முறை பேதியான பிறகும் கால் முதல் அரை டம்ளர் கொடுக்க வேண்டும். இரண்டு வயதைத் தாண்டிய குழந்தைக்கு அரை முதல் ஒரு டம்ளர் தேவைப்படும். சிறு குழந்தைக்குப் பாலாடையாலோ கரண்டியாலோ ஓரிரு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி வீதம் கொடுங்கள், பால்புட்டி வேண்டாம். பெரிய குழந்தை டம்ளரிலிருந்து மடக்கு மடக்காகக் குடிக்கலாம். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்திருந்து, முன்பைவிட மெதுவாக மீண்டும் கொடுங்கள். வாந்தியைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது, அது சரியல்ல.

கரைசல் கொடுத்தவுடன் பேதி நிற்காது. இழந்த நீரை ஈடுகட்டுவதே அதன் வேலை என்பதால், மலம் போவதை வைத்துப் பலனை அளக்காமல், குழந்தை சிறுநீர் கழிக்கிறதா, சுறுசுறுப்பாக இருக்கிறதா என்று கவனியுங்கள். குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினால்தான் குணமாகும் என்று சிலர் வற்புறுத்துகிறார்கள். 1971-இல் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகள் தங்கிய, மேற்கு வங்கத்திலுள்ள போங்காவ் முகாமில் காலரா பரவி, ஏற்றும் திரவம் போதாமல் போனபோது, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியாகக் கொடுக்கச் செய்து ஏராளமானோரைக் காப்பாற்றினார். குடிக்க முடிகிற குழந்தைக்குப் பெரும்பாலும் ஊசி வழித் திரவம் தேவைப்படாது.

ஜிங்க் மாத்திரையும் உணவும்

ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு ஒரு முழு மாத்திரையும் (20 மில்லிகிராம்), இரண்டு முதல் ஆறு மாதக் குழந்தைக்கு அரை மாத்திரையும் கொடுங்கள். ஒரு கரண்டி தாய்ப்பாலிலோ ஆறிய குடிநீரிலோ போட்டால் மாத்திரை சற்று நேரத்தில் கரைந்துவிடும். இரண்டாம் நாளே பேதி நின்றாலும் 14 நாட்களும் விடாமல் கொடுக்க வேண்டும், ஏனெனில் குடல் ஆறுவதற்கும் அடுத்த சில மாதங்களில் வயிற்றுப்போக்கு மறுபடி வராமல் இருப்பதற்கும் அது உதவுகிறது.

தாய்ப்பாலை ஒருபோதும் நிறுத்தாதீர்கள். வழக்கத்தைவிட அடிக்கடி கொடுங்கள். ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குக் குழைந்த சாதம், இட்லி, பருப்பு மசியல், வாழைப்பழம் போன்றவற்றைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். பட்டினி போட்டால் குழந்தை மெலியுமே தவிரப் பேதி குறையாது.

தொக்கம் எடுக்க அழைத்துப் போவதால் நேரம் வீணாகிறது, குழந்தையின் தொண்டையும் புண்ணாகலாம். பேதியை நிறுத்தும் மாத்திரையையோ, பழைய சீட்டைக் காட்டி வாங்கும் ஆண்டிபயாட்டிக் மருந்தையோ நீங்களாகக் கொடுக்கக் கூடாது.

உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டிய அறிகுறிகள்

குழந்தை தண்ணீரோ தாய்ப்பாலோ குடிக்க முடியாமல் இருந்தாலும், குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தாலும் தாமதிக்காதீர்கள். துவண்டு கிடந்து கூப்பிட்டால் விழிக்காமல் இருப்பதும், வலிப்பு வருவதும் மிகவும் ஆபத்தான நிலைகள்.

கண்கள் குழி விழுந்திருப்பது, கைக்குழந்தையின் உச்சிக்குழி உள்வாங்கியிருப்பது, அழுதால் கண்ணீர் வராதது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காதது ஆகியவை நீர்ச்சத்து குறைந்துவிட்டதைக் காட்டும். தொப்புளுக்கும் விலாவுக்கும் இடையே வயிற்றுத் தோலை நீளவாக்கில் கிள்ளி விட்டுப் பாருங்கள். தோல் மெதுவாகத் திரும்பினால் உடனே புறப்படுங்கள். குழந்தை எதைக் கொடுத்தாலும் தாகத்தோடு பறித்துப் பறித்துக் குடிப்பதையும் நல்ல அறிகுறி என்று எண்ண வேண்டாம்.

மலத்தில் இரத்தம் கலந்திருந்தாலும், கடுமையான காய்ச்சல் இருந்தாலும், கஞ்சித் தண்ணீர் போல அடிக்கடி பெருமளவில் போனாலும், கரைசல் கொடுத்தும் ஒரு நாளில் தேறாவிட்டாலும், 14 நாட்களுக்கு மேல் பேதி நீடித்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால், வேறு அறிகுறிக்காகக் காத்திருக்காமல் அன்றே காட்டுங்கள்.

வண்டி இல்லாவிட்டால் 108-ஐ அழையுங்கள். வழியிலும் தாய்ப்பாலும் கரைசலும் கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டே வாருங்கள். ஆனால் நினைவு தப்பிய குழந்தைக்கோ வலிப்பு வரும் குழந்தைக்கோ வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கொண்டுவாருங்கள். எத்தனை முறை பேதியானது, எவ்வளவு கரைசல் குடித்தது, கடைசியாக எப்போது சிறுநீர் போனது என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். கொடுத்த மருந்துகளின் அட்டையையும் தடுப்பூசி அட்டையையும் கையில் எடுத்துவாருங்கள்.