சிறுவாடு: கல்லூரி மாணவர்களுக்கான சேமிப்பு ரீலின் குரல்பதிவுப் படி

குரல் கொடுப்பவருக்கு: இது நான்கு துண்டுகளாக வெளியாகும், எந்தத் துண்டும் மூன்று நிமிடத்தைத் தாண்டக்கூடாது. தொகைகள் வரும் இடங்களில் வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு எண்ணும் தனித்தனியே காதில் விழும்படி படிக்க வேண்டும். கண்டிக்கும் தொனி எங்கும் வரக்கூடாது. கேட்பவர்களில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். பணத்தின் அருமையை அவர்களுக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை.

துண்டு 1

காட்சி: சமையலறை அலமாரி. ஒரு பெண்ணின் கை மடித்த நோட்டு ஒன்றைக் கடுகு டப்பாவுக்குள் வைத்து மூடுகிறது.

குரல்: நம் வீடுகளில் அம்மாவும் பாட்டியும் கடுகு டப்பாவிலும் அரிசிப் பானையிலும் ஒளித்து வைத்த பணத்துக்குச் சிறுவாடு என்று பெயர். பள்ளிச் சுற்றுலாவுக்கோ, திடீர் காய்ச்சலுக்கோ, யாரும் எதிர்பாராத ஒரு நாளில் வீட்டைக் காப்பாற்றியது பெரும்பாலும் அந்தப் பணம்தான். மாதக் கடைசியில் மிஞ்சியதைச் சேர்த்து யாரும் சிறுவாடு வைத்ததில்லை. வீட்டுச் செலவுக்கான பணம் கைக்கு வந்த அன்றே, முதல் காய்கறி வாங்குவதற்கு முன்பே, அதில் ஒரு சிறு பங்கு தனியே போய்விடும். மீதியில்தான் மாதம் நடக்கும்.

காட்சி: திருச்சி சத்திரம் பேருந்து நிலையம். தோளில் பையுடன் ஒரு மாணவி.

குரல்: இவர் அரசு கலைக் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். விடுதிக் கட்டணத்தைப் பருவத் தொடக்கத்திலேயே அப்பா கட்டிவிடுகிறார். அரசுப் பள்ளியில் படித்தவர் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவருடைய வங்கிக் கணக்குக்கு வருகிறது. வீட்டிலிருந்து 1,500 ரூபாய். மாலையில் மூன்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவதில் 1,000 ரூபாய். ஆக, மாதம் 3,500 ரூபாய்.

சென்ற ஆண்டு இதே 3,500 ரூபாயில் அவர் ஒன்றும் சேமிக்கவில்லை. ஊதாரித்தனமாக எதையும் அவர் வாங்கவில்லை; மிஞ்சினால் சேமிக்கலாம் என்று காத்திருந்தார், மிஞ்சவில்லை, அவ்வளவுதான். நவம்பர் பருவத் தேர்வுக்குக் கட்டணம் கட்டும் கடைசி நாளுக்கு முந்தைய மாலை, விடுதியில் அறை அறையாகப் போய்க் கடன் கேட்டு நின்றார். இந்தப் படியை எழுதும் நானும் என் முதலாண்டில் அப்படி நின்றிருக்கிறேன். கேட்கும்போது தொண்டை அடைத்ததும், கொடுத்த தோழியை அடுத்த இரண்டு வாரம் நேருக்கு நேர் பார்க்கத் தயங்கியதும் இன்னும் நினைவில் இருக்கின்றன. அந்த மாலை உங்களுக்கு வரக்கூடாது என்பதற்காகவே இந்த ரீல்.

துண்டு 2

காட்சி: கைப்பேசித் திரையில் உதவித்தொகை வந்த குறுஞ்செய்தி. அருகே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதும் கை.

குரல்: இந்த ஆண்டு அவர் மாற்றியது ஒன்றே ஒன்று. பணம் வந்த அன்றே 500 ரூபாயைப் பிரித்துவிடுகிறார். மீதமுள்ள 3,000 ரூபாயை வாரத்துக்கு 700 என்று நான்காகப் பிரித்து, எஞ்சிய 200 ரூபாயை மாதக் கடைசியில் வரும் இரண்டு மூன்று நாட்களுக்கென வைத்துக்கொள்கிறார். மாதக் கணக்கைவிட வாரக் கணக்கு நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஏனென்றால் ஒரு வாரத்தில் கை நீண்டுவிட்டால் அடுத்த திங்கட்கிழமையே சரிசெய்துவிடலாம், மாதக் கணக்கில் தவறு தெரியவரும்போது தேதி இருபத்தைந்து ஆகியிருக்கும்.

பிரித்த 500 ரூபாய் எங்கே போகிறது? அதே கணக்கில் இருந்தால் அது நிலைக்காது. கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்து வாங்கும் பொருளுக்குப் பணம் கையை விட்டுப் போவதே தெரிவதில்லை. கணக்கில் இருப்பது எல்லாம் செலவுக்கானது என்றே மனம் எடுத்துக்கொள்கிறது. ஆகையால் இரண்டாவது கணக்கு ஒன்று வேண்டும். அதை எந்த யுபிஐ செயலியிலும் இணைக்கக்கூடாது. இந்தப் படி முழுவதிலும் ஒரே ஒரு யோசனையைத்தான் நீங்கள் எடுத்துக்கொள்ள முடியும் என்றால், இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

காட்சி: அஞ்சலகக் கவுன்டர். கணக்குப் புத்தகம்.

குரல்: அஞ்சலகச் சேமிப்புக் கணக்கை 500 ரூபாயில் தொடங்கலாம், அந்த 500 ரூபாய் குறைந்தபட்ச இருப்பாக எப்போதும் அதிலேயே இருக்க வேண்டும். ஆண்டு வட்டி 4 விழுக்காடு. வங்கியே வசதி என்பவர்கள், குறைந்தபட்ச இருப்பு கேட்காத அடிப்படைச் சேமிப்புக் கணக்கைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஆனால் அந்தக் கணக்கு வைத்திருப்பவர் அதே வங்கியில் இன்னொரு சேமிப்புக் கணக்கு வைத்திருக்க முடியாது. நம் மாணவி அஞ்சலகத்துக்கு மாதம் 200 ரூபாயைக் கையில் எடுத்துப்போய்க் கட்டுகிறார். ஐந்து மாதத்தில் 1,000 ரூபாய். தேர்வுக் கட்டணம், ரெக்கார்டு நோட்டு, ஆய்வேட்டை அச்சிட்டுக் கட்டும் செலவு ஆகியவற்றை மட்டுமே அந்தப் பணம் பார்த்துக்கொள்ளும்.

துண்டு 3

காட்சி: வங்கிக் கிளை. தொடர் வைப்புக்கான விண்ணப்பம்.

குரல்: மீதி 300 ரூபாய் தொடர் வைப்புக்கு, நாம் ஆர்டி என்று சொல்வதற்கு, போகிறது. இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். அஞ்சலக ஆர்டியில் மாதம் 100 ரூபாயிலிருந்தே சேரலாம்; 6.7 விழுக்காடு வட்டியில் மாதம் 300 ரூபாய் கட்டினால் ஐந்தாண்டு முடிவில், கட்டிய 18,000 ரூபாய் ஏறத்தாழ 21,400 ரூபாயாகத் திரும்பி வரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதன் காலம் ஐந்தாண்டு. உங்கள் பட்டப்படிப்பு மூன்றாண்டு. மூன்றாண்டுக்குப் பின் இடையில் முடித்துக்கொள்ளலாம் என்றாலும், அப்போது சேமிப்புக் கணக்குக்குரிய குறைந்த வட்டிதான் கிடைக்கும். முதலாண்டில் சேர்ந்த பலர் இதைத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்திட்டுவிடுகிறார்கள்.

ஆகவே இரண்டாம் ஆண்டில் இருக்கும் நம் மாணவி, வங்கியில் 12 மாத ஆர்டியைத் தேர்ந்தெடுத்தார். உதவித்தொகை வழக்கமாக வரும் தேதிக்கு மறுநாள், கணக்கிலிருந்து 300 ரூபாயை வங்கியே எடுத்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுத்துவிட்டார். ஓராண்டில் 3,600 ரூபாய் சேரும். 6 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் வட்டி 120 ரூபாயைத் தொடாது. இதை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் சிறு தொகையில் வட்டியைக் காட்டி ஆசைப்படுத்துவது நேர்மையாகாது. நமக்கு வேண்டியது வட்டி அல்ல. மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில், மேற்படிப்பு நுழைவுத் தேர்வு விண்ணப்பங்களும் வேலை நேர்காணல் பயணங்களும் வரிசையாக வரும் நேரத்தில், 3,600 ரூபாய் ஒன்றாகக் கையில் நிற்பது.

காட்சி: கல்லூரி வாசல் டீக்கடை. நண்பர்கள் சிரித்துப் பேசுகிறார்கள்.

குரல்: டீயை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. நான்கு பேர் நின்று குடிக்கும் டீ வீண்செலவு அன்று. கல்லூரி வாழ்க்கையில் அதற்கும் இடம் உண்டு. இரவு பத்து மணிக்குச் செயலியில் வரவழைக்கும் உணவின் ரசீதை மட்டும் ஒருமுறை கடைசி வரி வரை படித்துப் பாருங்கள். 120 ரூபாய் உணவுக்குப் பொட்டலம் கட்டவும், கொண்டுவந்து தரவும், செயலிக்கும், வரிக்கும் என்று 60 ரூபாய் ஏறி 180 ஆகியிருந்தால், வாரம் மூன்று முறையில் உணவல்லாத ஒன்றுக்கு 180 ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள். மாதத்துக்கு அது 700 ரூபாயைத் தாண்டும். நம் மாணவி பிரித்து வைக்கும் 500 ரூபாயைவிட அது அதிகம். பயணத்திலும் பார்க்க ஒன்று உண்டு: சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் தமிழ்நாட்டில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அவசரம் இல்லாத நாளில் அந்தப் பேருந்துக்காகப் பத்து நிமிடம் காத்திருப்பதில் குறை ஒன்றும் இல்லை.

துண்டு 4

காட்சி: இருட்டறை. கைப்பேசி வெளிச்சத்தில் ஒரு மாணவரின் முகம். திரையில் "உடனடிக் கடன்".

குரல்: சேமிப்பு இல்லாத மாலையில்தான் இந்த விளம்பரம் கண்ணில் படும். 2,000 ரூபாய் கடன் என்பார்கள். கட்டணம் பிடித்துக்கொண்டு 1,600 ரூபாய் கையில் தருவார்கள். பதினைந்தாம் நாள் 2,000 ரூபாயைத் திருப்பக் கேட்பார்கள். பதினைந்து நாளுக்கு நூற்றுக்கு இருபத்தைந்து வட்டி இது. மாதம் நூற்றுக்குப் பத்து வாங்கும் கந்துவட்டியையே நாம் கொடுமை என்கிறோம். இது அதைப்போல் ஐந்து மடங்கு.

இந்திய ரிசர்வ் வங்கி வகுத்த நெறிமுறைகளின்படி, எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதத்தைக் கடன் பெறுபவருக்கு முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும். கைப்பேசியிலுள்ள தொடர்பு எண்களைச் செயலி தொடக்கூடாது. உங்கள் தோழர்களின் எண்களைப் பார்க்க அனுமதி கேட்கும் செயலி, நாளை அவர்களிடம் உங்களை அவமானப்படுத்தவே அதைக் கேட்கிறது என்று எடுத்துக்கொண்டு, அந்த இடத்திலேயே நீக்கிவிடுங்கள்.

இன்னொன்று, இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே அச்சமாக இருக்கிறது. "உன் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, வந்துபோகும் பணத்தில் ஒரு பங்கு உனக்கு" என்று, சில சமயம் தெரிந்த சீனியர் அண்ணனே வந்து கேட்பார். அந்தப் பணம் எங்கோ ஒருவரிடம் ஏமாற்றிப் பறித்ததாக இருக்கும். காவல்துறை முதலில் வந்து நிற்பது கணக்குக்குரியவரின் வீட்டு வாசலில். ஏடிஎம் அட்டை, கணக்குப் புத்தகம், சிம் கார்டு மூன்றையும் எவருக்கும் தராதீர்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் வங்கிக் கிளைக்குச் சென்று எழுத்தில் தெரிவித்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். இணைய மோசடியில் பணம் பறிபோனால் அந்த நிமிடமே 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு விரைவாக அழைக்கிறீர்களோ, அந்தப் பணத்தை இடையில் நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

காட்சி: நவம்பர். கல்லூரி அலுவலகத்தின் முன் வரிசை. மாணவி தேர்வுக் கட்டணம் கட்டிய ரசீதை மடித்துப் பைக்குள் வைக்கிறார். பின்னால் நிற்கும் முதலாண்டு மாணவி தயக்கத்துடன் அவர் தோளைத் தொடுகிறார்.

குரல்: "அக்கா, ஒரு 300 ரூபாய் இருக்குமா? திங்கட்கிழமை தந்துவிடுகிறேன்."

காட்சி: மாணவி சிரித்தபடி பையை மீண்டும் திறக்கிறார்.

குரல்: "இருக்கிறது, வாங்கிக்கொள். திங்கட்கிழமை என்னோடு அஞ்சலகத்துக்கும் வா."