கடைசி டிரிப்

(40 விநாடி ரீல். பேசுவது கண்டக்டர், வயது முப்பதுக்குள். பயந்த குரல் வேண்டாம். டிப்போவில் சக ஆளிடம் சொல்வது போலச் சாதாரணமாகத் தொடங்கட்டும். பின்னணி இசை கிடையாது. மலை ஏறும் பஸ்ஸின் இன்ஜின் உறுமலே போதும், அதைவிடப் பயமுறுத்தும் இசை எதுவும் எனக்குத் தெரியவில்லை.)

0–7: இருட்டு. டீக்கடையின் ஒற்றை பல்ப், பின்னால் பஸ்ஸின் சிவப்பு விளக்கு. பஸ்ஸின் எண் தெரியக் கூடாது.

குரல்: காரவள்ளியில் டீயைக் குடித்துவிட்டு ஓடிவந்து ஏறினேன். கடைசி டிரிப். இரண்டு விசில் கொடுத்தேன். வண்டி கிளம்பியது.

7–18: ஜன்னல் வழியே பாறை, மரம், வளைவு எண் எழுதிய பலகை. டிரைவர் சீட்டைக் காட்டவே வேண்டாம். கேமரா எப்போதும் பின்படிக்கட்டுப் பக்கமே நிற்கட்டும்.

குரல்: கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஹார்ன் அடிப்பது எங்கள் டிரைவர் அண்ணனின் பழக்கம். முதல் வளைவில் ஹார்ன் இல்லை. இரண்டாவதிலும் இல்லை.

(இங்கே ஒரு மூச்சு நிறுத்தம். அப்புறம் கொஞ்சம் சத்தமாக, முன்பக்கம் பார்த்துக் கூப்பிடுவது போல.)

குரல்: "தூக்கம் வருதாண்ணே?"

பதில் இல்லை.

18–31: இந்த இடத்தை அவசரப்படாமல் எடுக்க வேண்டும், கதையின் உயிரே இங்கேதான். கம்பியைப் பிடித்த கை வெளுத்துப் போகிறது. தோளில் தொங்கும் தோல் பை ஒரு பக்கமாக ஆடுகிறது, உள்ளே சில்லறை குலுங்குகிறது. அதே ஃபிரேமில் பயணிகளின் பின்தலைகள். நடிப்பவர்களிடம் மூச்சைக்கூட அடக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு தலை லேசாகச் சாய்ந்தாலும் மறுபடி எடுக்க வேண்டியதுதான்.

குரல்: மூன்றாவது வளைவு. வண்டி ஒடித்துத் திரும்பியது. கம்பியைப் பிடித்திருந்தும் நான் சரிந்து விழப் பார்த்தேன். சீட்டில் இருந்தவர்களில் ஒருவர்கூட அசையவில்லை. அத்தனை மப்ளர் தலைகளும் ஆணி அடித்த மாதிரி நேராக இருந்தன.

31–35: போன் அதிரும் சத்தம். திரையில் 'டிரைவர் அண்ணன்' என்று பெயர். அந்த வெளிச்சம் கண்டக்டர் முகத்தில் மட்டும் விழட்டும். இன்ஜின் சத்தம் ஒரே சீராக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், குறையக் கூடாது.

குரல்: பாக்கெட்டில் போன் அடித்தது. எடுத்தேன்.

35–40: டிரைவரின் குரல் போன் வழியாக, கரகரப்புடன். கோபம் வேண்டாம், காத்திருந்து சலித்தவரின் குரல். பின்னால் டீ கிளாஸ் கழுவும் சத்தமும் இன்னொரு இன்ஜின் சத்தமும் கேட்கட்டும். கடைசிச் சொல் முடிந்த நொடியே திரை கறுப்பு.

டிரைவர்: "தம்பி, எங்கடா போனே? காரவள்ளியில வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டு, இவ்வளவு நேரமா உன் விசிலுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன்."