4.2.1: தேடல் ‘கொடி’ உள்ள குறிப்புகளில் சிலவற்றைக் காட்டாமல் விடுகிறது (ொ, ோ, ௌ, ஔ வரும் சொற்கள் எல்லாவற்றிலும்)

சுருக்கம்

குறிப்பேடு செயலியின் ‘எல்லாக் குறிப்புகளிலும் தேடு’ பெட்டியில் ஒகர, ஓகார, ஔகார எழுத்து உள்ள சொல்லைத் தேடினால், அந்தச் சொல் இருக்கும் சில குறிப்புகள் வருவதில்லை. பிழைச் செய்தி எதுவும் கிடையாது. கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் சொல், உள்ளே இரண்டு விதமான யூனிகோடு வரிசையில் சேமிக்கப்பட்டிருக்கும்போது இது நடக்கிறது. 4.1.6இல் இந்தச் சிக்கல் இல்லை. 4.2.0, 4.2.1 இரண்டிலும் இருக்கிறது. 10 முறை செய்து பார்த்தேன், 10 முறையும் வந்தது.

எங்கே பார்த்தேன்

விண்டோஸ் 11இல் 4.2.1 (மேசைக்கணினிப் பதிப்பு), ஆண்ட்ராய்டு 14இல் 4.2.1. இரண்டிலும் முடிவு ஒன்றுதான். ஒத்திசைவை நிறுத்திவிட்டு, புதிதாக உருவாக்கிய காலிக் குறிப்பேட்டில் செய்தேன். அதனால் என் பழைய தரவுக்கோ இணைய இணைப்புக்கோ இதில் பங்கு இல்லை. ஐபோனில் பார்க்கவில்லை.

மீண்டும் வரவழைக்கும் படிகள்

கையால் தட்டச்சு செய்து இதை வரவழைக்க முயல வேண்டாம். ஒரே விசைப்பலகையில் அடித்தால் எல்லாச் சொற்களும் ஒரே வரிசையில் சேமிக்கப்படும், பிழை தலைகாட்டாது. ‘தேடலில் சில குறிப்புகள் வரவில்லை’ என்று முன்பே ஒருவர் தந்த அறிக்கை, மீண்டும் வரவழைக்க முடியவில்லை என்று மூடப்பட்டிருப்பதைப் பார்த்தேன். அவர் சொன்னதும் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அவரிடம் இந்த இரண்டு கோப்புகள் இல்லை, அவ்வளவுதான்.

1. பைத்தானில் இந்த இரண்டு வரிகளை ஓட்டுங்கள். இரண்டு கோப்புகள் கிடைக்கும். அவற்றையே இணைத்தும் இருக்கிறேன்.

```
open('a.txt','w',encoding='utf-8').write('\u0b95\u0bca\u0b9f\u0bbf')
open('b.txt','w',encoding='utf-8').write('\u0b95\u0bc6\u0bbe\u0b9f\u0bbf')
```

2. இரண்டையும் திறந்து பாருங்கள். இரண்டிலும் ‘கொடி’ என்றுதான் தெரியும்.
3. செயலியில் புதிய காலிக் குறிப்பேடு ஒன்றை உருவாக்குங்கள்.
4. ‘கோப்பிலிருந்து சேர்’ வழியாக இரண்டு கோப்புகளையும் சேர்த்துவிடுங்கள். கோப்பின் பெயரே தலைப்பாக வரும் என்பதால் ‘a’, ‘b’ என்று இரண்டு குறிப்புகள் இருக்கும்.
5. மேலே உள்ள தேடல் பெட்டியில் ‘கொடி’ என்று அடியுங்கள்.

எதிர்பார்த்தது

‘a’, ‘b’ இரண்டும் வர வேண்டும்.

இது என் விருப்பம் மட்டும் அல்ல. U+0BCA என்ற ஒற்றைக் குறியும், U+0BC6, U+0BBE என்ற இரண்டு குறிகளின் வரிசையும் சமம் என்று யூனிகோடு தரமே வரையறுத்திருக்கிறது. போதாததற்கு, நம் செயலியின் ‘இந்தக் குறிப்பில் தேடு’ வசதி இரண்டையும் சரியாகவே கண்டுபிடிக்கிறது. எல்லாக் குறிப்புகளிலும் தேடும்போது மட்டும்தான் தவறுகிறது.

நடந்தது

‘a’ மட்டும் வருகிறது. மேலே ‘1 குறிப்பு’ என்று எண்ணிக்கையும் காட்டுகிறது.

b.txtஇல் உள்ள சொல்லை நகலெடுத்து அதே பெட்டியில் ஒட்டித் தேடினால் நிலைமை தலைகீழாகிறது: ‘b’ மட்டும் வருகிறது, ‘a’ வருவதில்லை. ஆகவே உங்கள் விசைப்பலகை எந்த வரிசையைத் தந்தாலும் ஒரு குறிப்புதான் கிடைக்கும். எது கிடைக்கும் என்பதுதான் மாறும்.

சான்றுகள்

முதலில் கோப்புகளின் பைட்டுகள். `xxd -p` தந்தது இது:

```
a.txt  e0ae95e0af8ae0ae9fe0aebf
b.txt  e0ae95e0af86e0aebee0ae9fe0aebf
```

முதலாவது 12 பைட்டு, இரண்டாவது 15 பைட்டு. நடுவில் `e0af8a` இருக்கும் இடத்தில் இரண்டாவதில் `e0af86e0aebe` இருக்கிறது. அதாவது ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக. மற்ற எல்லாம் ஒன்றே.

அடுத்து லாக். தேடிய சொல்லை லாக்கில் எழுதாமல் அதன் நீளத்தை மட்டும் நீங்கள் எழுதுவது நல்ல முடிவு. இந்த முறை அந்த நீளமே துப்பாக அமைந்துவிட்டது. இரண்டு தேடல்களுக்கும் வந்த வரிகள்:

```
search: qlen=4 rows=1
search: qlen=5 rows=1
```

திரையில் ஒரே சொல், ஒன்றில் நீளம் 4, மற்றதில் 5. தேடும் சொல்லும் எந்த மாற்றமும் இல்லாமல் அப்படியே உள்ளே போகிறது என்பது இதிலிருந்து தெரிகிறது.

மூன்றாவது சான்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தேடல் பெட்டியில் ‘கெ’ என்று மட்டும் அடித்துப் பாருங்கள். ‘b’ வந்து நிற்கும்! அந்தக் குறிப்பில் ‘கெ’ என்ற எழுத்தே கிடையாது. ‘கொ’வில் உள்ள கொம்பை மட்டும் பிடித்துக்கொண்டு, அடுத்து வரும் காலை விட்டுவிடுகிறது. ஆக, வர வேண்டியது வராமல் போவதோடு, வரக் கூடாததும் வருகிறது.

எந்தெந்த எழுத்துகள் சிக்குகின்றன என்று அறிய, ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு கோப்புகள் வைத்துப் பார்த்தேன்:

| தேடிய சொல் | வர வேண்டியவை | வந்தவை |
|---|---|---|
| கொடி | 2 | 1 |
| கோடு | 2 | 1 |
| கௌதாரி | 2 | 1 |
| ஔவை | 2 | 1 |
| செடி | 2 | 2 |
| பாடு | 2 | 2 |
| படி | 2 | 2 |

தமிழில் இப்படி இரண்டாகப் பிரியக்கூடிய குறிகள் ொ, ோ, ௌ, ஔ ஆகிய நான்கு மட்டுமே. தவறுவதும் அந்த நான்கில் மட்டுமே. கடைசி மூன்று சொற்களுக்குப் பிரிந்த வடிவம் என்று ஒன்று கிடையாது, அதனால் ஒரே உள்ளடக்கத்தை இரண்டு கோப்புகளிலும் வைத்தேன். கோப்பைச் சேர்ப்பதில் கோளாறு இல்லை என்பதை உறுதி செய்யத்தான் அவை.

எப்போதிலிருந்து

வேறொரு கணினியில் 4.1.6ஐ நிறுவி, அதே இரண்டு கோப்புகளோடு அதே படிகளைச் செய்தேன். இரண்டு குறிப்புகளும் வந்தன. அங்கேயே 4.2.0க்கு மேம்படுத்தியதும் ஒன்று மறைந்தது. 4.2.0இன் வெளியீட்டுக் குறிப்பில் ‘தேடல் வேகத்துக்காகப் புதிதாக எழுதப்பட்டது’ என்று இருக்கிறது. தேடத் தொடங்க அதுவே நல்ல இடம்.

இதனால் என்ன பாதிப்பு

செயலி நின்றுபோகவில்லை, தரவும் அழியவில்லை. அப்படியிருந்தும் இதைக் குறைந்த முன்னுரிமையில் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். காரணம், தேடல் தவறியது பயனருக்குத் தெரிவதே இல்லை. ‘1 குறிப்பு’ என்று உறுதியாகச் சொல்லும்போது மற்றது தொலைந்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

எனக்கு நடந்தது அதுதான். சொல் தொகுப்புக்காக ஏறத்தாழ 2,300 குறிப்புகள் வைத்திருக்கிறேன். பாதிக்குமேல், பழைய எழுத்துரு முறையில் இருந்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிச் சேர்த்தவை. மாற்றிய கருவி கொம்பையும் காலையும் பிரித்தே எழுதியிருக்கிறது. தேடலில் வராதவற்றை அழிந்துபோனவை என்று நம்பி மறுபடி எழுத உட்கார்ந்தேன். 6 குறிப்புகளை எழுதி முடித்த பிறகுதான் பட்டியலை உருட்டியபோது பழையவை அங்கேயே இருப்பதைக் கண்டேன். பிறகு எல்லாவற்றையும் ஏற்றுமதி செய்து சிறு நிரல் கொண்டு எண்ணினேன்: ‘கொடி’ 41 குறிப்புகளில் இருக்கிறது, தேடல் காட்டியது 29. எழுத்துருவை மாற்றிக் கொண்டுவந்த எவருக்கும் இதே கதி நேரலாம்.

தற்காலிக வழி

சேர்ப்பதற்கு முன் கோப்பை NFC வடிவத்துக்கு மாற்றினால் பிழை வருவதில்லை.

```
import unicodedata
s = open('b.txt', encoding='utf-8').read()
open('b2.txt','w',encoding='utf-8').write(unicodedata.normalize('NFC', s))
```

ஏற்கெனவே செயலிக்குள் இருக்கும் குறிப்புகளுக்கு இது உதவாது. சொல்லின் பாதிக்காத பகுதியை, அதாவது ‘டி’ என்று மட்டும் தேடினால் இரண்டும் வரும். ஆனால் கூடவே வேண்டாதவை ஏராளமாக வரும்.

என் ஊகம்

இதற்கு மேல் எழுதுவது நான் பார்த்து உறுதி செய்தது அல்ல, நிரலையும் நான் பார்த்ததில்லை. தவறாக இருந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

புதிய தேடல் அட்டவணையில் எழுதும்போதும், தேடும் சொல்லைப் படிக்கும்போதும் இயல்பாக்கம் செய்யும் படி விட்டுப்போயிருக்கலாம். சரி செய்யும்போது மூன்று விஷயங்களைக் கவனிக்கக் கேட்கிறேன். NFD அல்லாமல் NFC நல்லது: NFDக்கு மாற்றினால் இரண்டு குறிப்புகளும் வரும், ஆனால் ‘கெ’ என்று தேடும்போது ‘a’வும் சேர்ந்து தவறாக வரத் தொடங்கும். இரண்டாவது, அட்டவணையை ஒருமுறை முழுதாகத் திரும்பக் கட்ட வேண்டியிருக்கும், இல்லையென்றால் புதிய குறிப்புகளுக்கு மட்டும்தான் பலன். அப்புறம், குறிப்பின் மூல எழுத்தைத் தொடாமல் அட்டவணையில் மட்டும் மாற்றினால் நல்லது. ஏற்றுமதி செய்யும் கோப்பு, சேர்த்த கோப்பைப் போலவே பைட்டுக்குப் பைட்டு இருப்பதை நம்பி வேலை செய்பவர்கள் இருக்கிறோம்.

இந்த அறிக்கையில் சேராத ஒன்று: சிலர் ௌ என்பதற்கு ஒற்றைக்கொம்பும் ‘ள’ என்ற எழுத்தும் போட்டு எழுதுகிறார்கள். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் யூனிகோடுப்படி அது வேறு எழுத்து, இயல்பாக்கம் அதை மாற்றாது. அதைத் தேடல் காட்டாதது இந்தப் பிழையின் பகுதி அல்ல. பக்கப்பட்டியில் ‘கோவில்’ என்ற குறிச்சொல் இரண்டு முறை தெரிவதும் இதே காரணத்தால்தான் என்று தோன்றுகிறது, ஆனால் அது வேறு திரை. அதற்குத் தனி அறிக்கை தருகிறேன்.

இணைப்புகள்

- `a.txt`, `b.txt`: படி 1இல் உள்ள கோப்புகள்
- `words.zip`: அட்டவணையில் உள்ள 7 சொற்களுக்கான 14 கோப்புகள்
- `search.mp4`: படி 3 முதல் 5 வரை, பிறகு ‘கெ’ தேடல், 40 விநாடி, ஒலி இல்லை
- `old.png`, `new.png`: ஒரே தேடல், 4.1.6இலும் 4.2.0இலும்
- `app.log`: இரண்டு தேடல்களின் நேரத்துக்கு மட்டும் வெட்டியது

என் சொந்தக் குறிப்புகளை இணைக்கவில்லை, மேலே உள்ள கோப்புகளே பிழையை வரவழைக்கப் போதும். திருத்தத்தோடு சோதனைப் பதிப்பு ஒன்று தந்தால், 2,300 குறிப்புகளின் நகலில் ஓட்டி, 41இல் எத்தனை வருகிறது என்று அன்றே இங்கே எழுதுகிறேன்.