கணக்குப் பிரிவில் 9 ஆண்டுகள்: தோழிக்கு ஒரு வாழ்த்து

அன்புள்ள தோழிக்கு,

நீங்கள் நம் கணக்குப் பிரிவில் சேர்ந்து இன்றோடு 9 ஆண்டுகள் நிறைவடைகின்றன. நான் புதிதாக வந்த மாதத்தில், இருப்பாய்வு 63 வித்தியாசத்தில் உதைத்து நான் திகைத்து நின்றபோது, "வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபடுகிறது, எங்கேனும் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம், பாருங்கள்" என்று வழிகாட்டினீர்களே தவிர, பிழையை நீங்களே திருத்திக் கொடுக்கவில்லை. 81 என்பதை 18 எனப் பதிந்திருந்ததை நானே கண்டுபிடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தீர்கள். அந்த உத்தியை இப்போது இரண்டு புதியவர்களுக்குச் சொல்லித் தருகிறேன் (உங்கள் பெயரைச் சொல்லித்தான்). உங்கள் பக்கத்து இருக்கை எனக்குக் கிடைத்ததில் பெருமகிழ்ச்சி, வாழ்த்துகள். இன்றைய மாத இறுதிப் பதிவுகளை நாங்கள் முடித்துவிடுகிறோம், நீங்கள் நேரத்தோடு வீட்டுக்குப் புறப்படுங்கள்.

அன்புடன்,
பக்கத்து மேசையிலிருந்து