வேலைத் தகவல் கேட்டு: இன்வென்டரி பிளானிங், கொள்முதல்

அனைவருக்கும் வணக்கம். பி பிளாக் மூன்றாம் மாடியிலிருந்து எழுதுகிறேன். விளையாட்டுத் திடல் சீரமைப்புக்குக் கணக்குப் பார்த்தவன் என்றால் பலருக்கு ஞாபகம் வரும்.

நான் வேலை பார்த்த நிறுவனம் இரண்டு கிடங்குகளை ஒன்றாக்கியது. அதில் எங்கள் பிளானிங் பிரிவையே கலைத்துவிட்டார்கள். போன மாதக் கடைசியோடு என் வேலையும் முடிந்தது. சேர வேண்டிய பணம் முறையாக வந்துவிட்டது, மேலாளர் பரிந்துரைக் கடிதமும் தந்திருக்கிறார். அதனால் எனக்குப் பொருந்துகிற இடமாகப் பார்த்துச் சேர நினைக்கிறேன். உடனே சேரவும் முடியும்.

மருத்துவ உபகரண விநியோகத்தில் 9 ஆண்டு அனுபவம். எந்தப் பொருளை எப்போது, எவ்வளவு வாங்கி வைப்பது என்று முடிவு செய்வதுதான் என் வேலை. மருத்துவமனை கேட்கும்போது கையில் சரக்கு இருக்க வேண்டும். கூடுதலாக வாங்கிக் காலாவதியாகவும் விடக் கூடாது. தேதி நெருங்கும் சரக்கை முன்கூட்டியே காட்டும் அறிக்கை ஒன்றை எக்செல்லில் உருவாக்கினேன். அது வந்த பிறகு வீணாகும் சரக்கு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மனதுக்குப் பிடித்துச் செய்த வேலை அது. எஸ்ஏபி மென்பொருளிலும் நல்ல பழக்கம் உண்டு.

இன்வென்டரி பிளானர், சப்ளை செயின் அனலிஸ்ட், பர்ச்சேஸ் பிளானிங் போன்ற பொறுப்புகளைத் தேடுகிறேன். மருந்து, உணவுப் பொருள், அழகுசாதனம் என்று காலாவதித் தேதி பார்க்க வேண்டிய எந்தத் துறையிலும் என் அனுபவம் அப்படியே உதவும்.

உங்கள் அலுவலகத்தில் கிடங்கு, கொள்முதல் பிரிவுகள் இருந்தால், அதைக் கவனிப்பவரிடம் கேட்டுவிட்டு என்னை அறிமுகப்படுத்த முடியுமா? வேலை காலியாக இருக்கிறதா என்று நீங்கள் விசாரிக்க வேண்டாம். அவர்கள் ஆளெடுக்கும் முறையைப் பற்றி ஒரு பதினைந்து நிமிடம் பேசினாலே எனக்குப் பெரிய உதவி. என்னோடு வேலை பார்க்காத நீங்கள் எனக்காக உறுதி சொல்ல வேண்டும் என்றும் எதிர்பார்க்கவில்லை. “எங்கள் குடியிருப்பில் இருக்கிறார், இந்தத் துறைக்காரர்” என்று சொன்னால் போதும், மற்றதை நான் பேசிக்கொள்கிறேன்.

தகவல் இருந்தால் தனியாக மெசேஜ் அனுப்புங்கள். ரெஸ்யூமேயோடு, அப்படியே ஃபார்வர்டு செய்கிற மாதிரி நாலு வரி அறிமுகமும் அனுப்பி வைக்கிறேன். நீங்கள் அறிமுகப்படுத்தியவரிடம் பேசிய பிறகு என்ன ஆயிற்று என்பதையும் கட்டாயம் சொல்வேன்.

அப்புறம், குழுவில் வேறு யாராவது வேலை தேடிக்கொண்டிருந்தால் என்னிடம் சொல்லுங்கள். எனக்கு வரும் அழைப்புகளில் உங்களுக்குப் பொருந்துவதை அனுப்புகிறேன். சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு ஸ்டாக் கணக்கை ஒழுங்குபடுத்த வேண்டியிருந்தால் அதற்கும் கூப்பிடுங்கள். இப்போது பகலில் நேரம் இருக்கிறது, கட்டணம் எதுவும் வேண்டாம்.

நன்றி.